ஓமனாவின் இரண்டு வரி

திருச்சூருக்கும் கொடுங்கல்லூருக்கும் நடுவில் ஓடுகிற ‘செம்பரத்தி’ வண்டிகள் ஆறும் என்னுடையவை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினான்கு வயதில் அடுத்தவன் வண்டியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டவன் நான். டயர் கழற்றிய கையில்தான் இன்றைக்கு ஆறு பெர்மிட் இருக்கிறது. எவனும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. இனாசு என்ற பேரைச் சொன்னால் இந்த ரூட்டில் வொர்க்‌ஷாப்பிலிருந்து மோட்டார் வாகன ஆபீஸ் வரைக்கும் தெரியும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஓமனாவைப் பற்றி.

ஓமனாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. இரிஞ்சாலக்குடா பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்லும் விசாரணைக் கூண்டில் இருந்தவள். கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு மைக். பதினாறு வருஷம் அந்த ஸ்டூலில் இருந்தாள். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஜனங்கள் அந்தக் கம்பிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டேதான் இருப்பார்கள். வண்டி லேட்டானால் அவளைத் திட்டுவார்கள். மழை பெய்தாலும் அவளைத் திட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன், அவள் குரல் ஏறியதே கிடையாது. “நாலு இருபது. மூணாவது டிராக்.” அவ்வளவுதான் பதில். திரும்பவும் திட்டினால் அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

அந்தக் கூண்டை மூடி, இருந்த இடத்தில் எழுத்து ஓடும் பலகை வைத்தபோது, நான் நேராகப் போய் அவளைக் கூப்பிட்டேன். ஆளைப் பார்த்து எடுப்பதில் எனக்கு இணை கிடையாது. டிக்கெட் கணக்குக்கு என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிறகு வந்து சேர்ந்தது.

வெளியூர்க்காரருக்கு இது விநோதமாக இருக்கலாம். எங்கள் நாட்டில் தனியார் பஸ்ஸுக்கு ரசிகர்கள் உண்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த வளைவைத் தாண்டும், ஹாரன் எது, பெயின்ட் அடித்தது யார் என்று தலைகீழாகச் சொல்லும் பையன்கள் உண்டு. எங்களுக்கு இரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிற ‘நீலிமா’வுக்கும் அப்படி ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் போனில்தான் சண்டை போடும். ஒரு வண்டியின் படத்தைப் போட்டால் கீழே இருநூறு கமெண்ட். பாதி பாராட்டு, பாதி வசவு.

ஓமனா இதை விசாரணைக் கூண்டு மாதிரியே நடத்தினாள். ஒருநாள் நான் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் எங்கள் வண்டியைத் தகரடப்பா என்றிருந்தான். அவள் பாட்டுக்கு அதைத் தாண்டிப் போனாள். அடுத்தவன் இன்னும் கெட்ட வார்த்தையில், ஆனால் சாயங்காலம் ஆறு பத்து வண்டி இரண்டு நாளாக வரவில்லை என்று எழுதியிருந்தான். அவனுக்கு மட்டும் பதில் எழுதினாள்: ‘பிரேக் வேலை நடக்கிறது. புதன்கிழமை முதல் ஆறு பத்து ஓடும்.’

திட்டியவனுக்கு மரியாதையா என்று கேட்டேன்.

“வைஞ்சாலும் அவருக்கு வேண்டியது வண்டி, முதலாளி. மத்தவருக்கு வேண்டியது சண்டை. வண்டி வேணுங்கிறவருக்கு நேரம் சொல்லணும். சண்டை வேணுங்கிறவருக்கு நம்மகிட்ட சரக்கு இல்ல.”

அவளிடம் இன்னும் சில வழக்கங்கள் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு பதில், கூடிப்போனால் இரண்டு. இரண்டு வரிக்கு மேல் போகாது. கும்பிடும் கை, சிரிக்கும் மூஞ்சி எதுவும் போட மாட்டாள். புகாரை ஒருநாளும் அழிக்க மாட்டாள். பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதினால், ஒருவருடைய வீட்டையோ நம்பரையோ இழுத்தால், ஜாதி மதம் சொன்னால், முதலில் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மறைத்துவிடுவாள். அழிக்காமல் ஏன் மறைக்கிறாய் என்றேன். அழித்தால் எழுதியவனுக்குத் தெரிந்துவிடும், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். மறைத்தால் அவன் கண்ணுக்கும் அவனுடைய சிநேகிதர்கள் கண்ணுக்கும் அது அங்கேயே இருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்குத் திருப்தியாகத் தூங்கப் போய்விடுவான் என்றாள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் அந்த ரகம் இல்லை. ஸ்டாண்டில் ஒருவன் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்து வளர்ந்தவன்.

போன ஆகஸ்ட் மாதம், ஓணப் பரீட்சை நடக்கும் சமயம். புதன்கிழமை எங்கள் ஆறாவது வண்டியைப் புதுப் பெயின்டில் இறக்கி, படத்தைப் பேஸ்புக் பக்கத்தில் போடச் சொன்னேன். நல்ல சிவப்பு. வியாழக்கிழமை மத்தியானம் அதன் கீழே அஜயன் என்று ஒருவர் எழுதினார். கருவன்னூர்க்காரர், தச்சு வேலை செய்பவர். எழுதியது இது: காலை எட்டு பத்துக்கு வந்த உங்கள் வண்டி என் மகள் கால் வைக்கும்போதே கிளம்பிவிட்டது. அவள் பின்னால் குதித்ததால் விழவில்லை. பின்னால் வந்த வண்டியும் நிற்கவில்லை, அடுத்தது கிடைத்துப் போவதற்குள் பரீட்சையில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று உங்கள் ஆபீஸில் உத்தரவா? இவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

ஓமனா உடனே பதில் போட்டாள்: ‘வண்டியின் கேமராவைப் பார்க்கிறோம். நடந்தது என்ன என்று நாளை மாலை ஐந்து மணிக்குள் இங்கேயே சொல்கிறோம்.’

அதற்குள் டீக்கடையில் நின்ற ஒரு மாணவன் பிடித்த வீடியோ வெளியே வந்துவிட்டது. இருபது செகண்டுதான். வண்டி கிளம்புகிறது, அந்தப் பெண் பையோடு ரோட்டில் நிற்கிறாள், டிரைவர் ஜன்னலில் வேலாயுதன் முகம் தெளிவாகத் தெரிகிறது. பத்தொன்பது வருஷமாக என் வண்டியின் ஸ்டியரிங் பிடிக்கிறவன் வேலாயுதன். ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. அவன் முகத்தை வட்டம் போட்டு, இவன்தான் அந்த ராட்சசன் என்று எழுதினார்கள். நீலிமா ரசிகர்கள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். ஒருவன் வேலாயுதனின் போன் நம்பரைப் போட்டான். ஓமனா மருந்துக் கடைக்குப் போயிருந்த இருபது நிமிஷம் அது அங்கே கிடந்தது. திரும்பி வந்ததும் மறைத்தாள். அந்த நம்பர் எந்தக் கமெண்டில் வந்தாலும் தானாகவே மறையும்படி அதைத் தடை வார்த்தைகளோடு சேர்த்தும் வைத்தாள். ஆனால் அந்த இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து என் போனில் இதையெல்லாம் பார்த்தேன். எனக்கும் அந்தப் பக்கத்தில் அதிகாரம் உண்டு, முதலாளி அல்லவா. முந்தின நாள் வண்டிப் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தின் பேரில் உள்ளே போனவன், என் சொந்தப் பேருக்குத் திரும்பியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டி அடிப்பது சிரமம் என்பதால் போனில் பேசினேன், அது எழுதிக்கொண்டது. பேசியது இதுதான்:

“டீசல் ஊத்துறது நான். பாதிக் காசுகூட தராம போறவனுக்கு இவ்வளவு வாய் ஆகாது. பிடிக்கலேன்னா நடந்து போகட்டும்.”

மாணவர் பாஸ் எங்கள் எல்லோருக்கும் உள்ள பழைய முள். டீசல் விலை எங்கேயோ போய்விட்டது, பிள்ளைகளின் கட்டணம் அங்கேயே நிற்கிறது. எந்த முதலாளியையும் எழுப்பிக் கேளுங்கள், இதைத்தான் சொல்வார். சங்கக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் நான் சொன்னது இனாசு என்ற பேரில் போகவில்லை. ‘செம்பரத்தி’ என்ற பேரில், அந்தத் தகப்பனாருடைய கேள்விக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது.

நாலே நிமிஷத்தில் ஓமனா போன் செய்தாள். எதுவும் விசாரிக்கவில்லை.

“முதலாளி, போனை கீழ வையுங்க. இனி நாளைக்குக் காலை வரைக்கும் எடுக்க வேண்டாம்.”

அழித்துவிடு என்றேன். அழிக்கிற நேரம் தாண்டிவிட்டது என்றாள். அதற்குள் எழுபது பேர் படம் பிடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீஸுக்கு வந்தபோது மாணவர் சங்கத்துக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். திங்கட்கிழமை எட்டு பத்துக்குக் கருவன்னூரில் செம்பரத்தியைத் தடுப்போம் என்று. அதைவிடப் பெரிய விஷயம் என் மேஜைக்கு முன்னால் நின்றது. வேலாயுதன் வண்டிச் சாவியை மேஜையில் வைத்தான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நூறு போன் வந்திருக்கிறது. அவன் மனைவி குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனபோது ஒருத்தி வீடியோவைக் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

“ஸ்டியரிங்ல இருந்து இறங்குறேன் முதலாளி. நான் பெல் கேட்டுத்தான் எடுத்தேன். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?”

சாவியை எடு என்றேன். அவன் எடுக்கவில்லை. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். வேலாயுதன் போய்விட்டால் அந்த ட்ரிப்புக்கு வேறு ஆள் கிடைக்கும். ஆனால் அவன் செய்யாத காரியத்தைத் தலையில் சுமந்துகொண்டு போவான், இந்த ரூட்டில் யாரும் அவனை வேறு வண்டிக்கும் எடுக்க மாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் அவன் எங்கே போவான்?

நானும் ஓமனாவும் கேமராவைப் பார்த்தோம். வண்டிக்குள் ஒன்று, முன்னால் ஒன்று இருக்கிறது. எட்டு பத்து. கண்டக்டர் பின் படியில் நிற்கிறான். ஒரு பெல் அடித்தான், வண்டி நின்றது. இரண்டு பெரியவர்கள் ஏறினார்கள். பிறகு பையோடு அந்தப் பெண் வருகிறாள். கண்டக்டர் அவளைப் பார்க்கிறான், பின்னால் திரும்பி நீலிமா வருகிறதா என்று பார்க்கிறான், கயிற்றை இரண்டு தடவை இழுக்கிறான். இரண்டு பெல் என்றால் எடு என்று அர்த்தம். வேலாயுதன் எடுத்தான். பின் படியில் நடப்பது அவன் கண்ணாடியில் தெரியாது, மழைக்குப் படுதா இறக்கியிருந்தது.

கயிறு இழுத்தவன் டிட்டோ. என் தங்கச்சி ரோஸிலியின் மகன். நான்தான் வேலைக்கு வைத்தேன்.

ஓமனா வீடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பெல் கயிறு சிக்கிக்கொண்டது என்று எழுது என்றேன். கேமரா நம்மிடம்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியும்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு சொன்னாள்: “ஒரு பொய்ய எழுதினா அதுக்குக் கீழ நூறு பேர் கேப்பாங்க. அந்த நூறுக்கும் நான் பதில் எழுதணும். உண்மையை எழுதினா ஒருதடவை எழுதினாப் போதும். எனக்கு வயசாயிடுச்சு முதலாளி, அந்த நூறு எழுத என்னால ஆகாது.”

நானும் விடவில்லை. ரோஸிலியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன். அவள் ஜன்னல் வழியே பெஞ்சைக் காட்டினாள். அங்கே வேலாயுதன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

அரை மணி நேரம் நான் ஆபீஸ் வாசலில் நடந்தேன். என் ஆயுசில் யாரிடமும் தலை குனிந்ததில்லை. கடைசியில் எழுது என்றேன். டிட்டோவின் பேரையும் போட்டுவிடு, செய்தவன் அனுபவிக்கட்டும் என்று கோபத்தில் சொன்னேன். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“பேரைப் போட்டா கூட்டம் இங்கிருந்து எழுந்து அங்க போகும். போன் நம்பர் மாறும், அவ்வளவுதான். வண்டி நம்மது, தப்பும் நம்மதுன்னு எழுதுறேன்.”

நாலே முக்காலுக்கு அஜயனுடைய கமெண்டுக்குக் கீழே அவள் போட்டது இது. அவள் இரண்டு வரிக்கு மேல் எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்:

‘கேமராவைப் பார்த்தோம். உங்கள் மகள் ஏறும் முன்பே கிளம்பும் பெல் அடிக்கப்பட்டது. டிரைவர் பெல்லைக் கேட்டு எடுத்தார், அவர் மேல் தவறு இல்லை. தவறு எங்களுடையது. பெல் அடித்தவர் மீது நடவடிக்கை எடுக்கிறோம். நேற்று மாலை இந்தப் பக்கத்தில் வந்த பதில் முதலாளி கோபத்தில் சொன்னது. அது தவறு. திங்கட்கிழமை எட்டு பத்து வண்டியில் அவரே வருவார்.’

கடைசி வரியை என்னிடம் கேட்காமல்தான் சேர்த்தாள். பதிவு போன பிறகு காட்டினாள். நான் சத்தம் போட்டேன். அவள் “மூணாவது டிராக்” என்று சொல்லுகிற அதே முகத்தோடு நின்றாள். என் பேரில் சொல்லியாகிவிட்டது, போக வேண்டியதுதான், இனாசு சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினான் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதற்குக் கீழே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் வசவு இன்னும் கூடியது. நாடகம் என்றார்கள். பெல் அடித்தவன் யார், பேரைச் சொல் என்றார்கள். எந்த ஆதாரமும் இல்லாமல் வேறொரு கண்டக்டரின் படத்தைப் போட்டார்கள், அதை ஓமனா மறைத்தாள். என் அம்மாவைச் சொன்னவர்களையும் மறைத்தாள். நாடகம் என்றவர்களை அப்படியே விட்டாள். ‘அந்தப் பெண் மறுபடியும் பரீட்சை எழுத முடியுமா’ என்று ஒரு டீச்சர் கேட்டார். அவருக்கு மட்டும் பதில்: ‘பள்ளிக்கு எங்கள் தவறு பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.’ உண்மையில் அன்று மத்தியானமே ஆபீஸ் முத்திரை போட்ட கடிதத்தை அவள் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என்னிடம் கையெழுத்து வாங்கியபோது நான் படிக்காமலே போட்டிருந்தேன்.

ஏழு மணிக்கு மேல் திட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ரசிகர்களும் நீலிமா ரசிகர்களும் ஹாரனைப் பற்றி. ஓமனா கம்ப்யூட்டரை மூடினாள். இதில் எழுத வேண்டாமா என்றேன். “இது இப்ப அவங்க வீட்டு விசேஷம்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஐந்து ஐம்பதுக்குப் போக வேண்டியவள் ஏழரை வண்டிக்குப் போனாள்.

டிட்டோவைச் சனிக்கிழமை கூப்பிட்டேன். ஒரு மாதம் கயிற்றைத் தொடக்கூடாது, ஷெட்டில் வண்டி கழுவு என்றேன்.

“நீலிமா பின்னால வந்துட்டிருந்தது மாமா.”

“வரட்டும். அது பின்னாலதான் வரும். முப்பது வருஷமா அது பின்னாலதான் வருது.”

ரோஸிலி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வேலாயுதன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வரவில்லை. சாவி ஆபீஸ் ஆணியிலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஓமனா அவன் வீட்டுக்குப் போய், அந்தப் பதிவையும் அதற்குக் கீழே வந்திருந்த ஒரு கமெண்டையும் அவன் மனைவிக்குப் படித்துக் காட்டினாளாம். அந்தக் கமெண்ட் அஜயனுடையது. ‘டிரைவரைச் சொன்னது தவறு. அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ அவர் டிரைவரைச் சொன்னதே இல்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஆனாலும் எழுதினார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் ஷெட்டுக்குப் போனேன். எட்டு பத்து வண்டியின் ஸ்டியரிங்கில் வேலாயுதன் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பின் படியில் ஏறி நின்றேன். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கயிற்றைப் பிடித்தேன், கை மறக்கவில்லை.

கருவன்னூரில் நாற்பது பிள்ளைகள் கொடியோடு நின்றார்கள். ஒரு பெல் அடித்தேன். வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது. கொடி பிடித்த ஒரு பையன் முன்னால் வந்தான்.

“டீசல் ஊத்துறவரு நீங்கதானா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரிய பதிலாகத்தான் வந்தது. ஓமனாவை நினைத்துக்கொண்டேன்.

“நான்தான். நான் சொன்னது தப்பு. ஏறு.”

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். நான் அடுத்த ஆளைப் பார்த்தேன். குடையோடு ஒரு பெண் தன் தகப்பனாரோடு ஓரத்தில் நின்றிருந்தாள். ஏறு மகளே என்றேன். ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள், கொடியை மடக்கிக்கொண்டு, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது அல்லவா. அஜயன் டிரைவர் பக்கம் நடந்துபோய் ஜன்னல் வழியாக வேலாயுதனிடம் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. வேலாயுதன் தலையை ஆட்டினான். கடைசிப் பை உள்ளே வந்த பிறகுதான் இரண்டு பெல் அடித்தேன். நீலிமா பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வண்டி ஆறு நிமிஷம் லேட். அதையும் ஒருவன் மத்தியானம் பக்கத்தில் திட்டி எழுதினான். ‘ஆறு நிமிஷம். சரிதான்’ என்று ஓமனா பதில் போட்டாள்.

இப்போது அந்தப் பக்கத்தில் எனக்கு அதிகாரம் இல்லை. ஓமனா எடுக்கவில்லை, நானே எடுக்கச் சொன்னேன். ஆறு வண்டியின் முதலாளி தன் பக்கத்திலிருந்து தன்னையே இறக்கிவிட்டான் என்று ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சரியான ஆளைச் சரியான இடத்தில் உட்காரவைத்தவன் நான்தான். சாயங்காலம் ஆபீஸுக்குப் போனால் அவள் பின்னால் நின்று படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். சில கமெண்டுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கும். சொல்லுவேன். அவள் முழுவதும் கேட்பாள், பிறகு எழுதாமல் அடுத்ததற்குப் போவாள்.